இடைவெளியை மறைக்க ரெஸ்யூமேயில் தேதிகளை எடுத்துவிடலாமா?

கேள்வி: மேடம், எனக்கு வயது 39. பி.காம். முடித்து, 2008-லிருந்து 2016 ஆகஸ்ட் வரை திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். 2018 ஏப்ரலிலிருந்து தெரிந்தவர்களுடைய ஆறு கடைகளுக்கு வீட்டிலிருந்தே டேலியில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தயார் செய்து தருகிறேன். இப்போது மறுபடியும் ஏற்றுமதி கம்பெனியில் முழுநேர வேலைக்குப் போக வேண்டும். ரெஸ்யூமே எழுதித் தரும் ஒருவர், "ஒன்பது வருட கேப் இருக்கிறது, ஃபங்ஷனல் ஃபார்மட்தான் சரி" என்று சொல்லி, தேதிகளை எல்லாம் எடுத்துவிட்டு திறமைகளை மட்டும் போட்டுக் கொடுத்தார். நிறைய இடங்களுக்கு அனுப்பியும் ஒரே ஓர் அழைப்புதான் வந்தது. எந்த வருடம் வேலையை விட்டேன் என்று விசாரித்துவிட்டு, "2016-க்கு அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். "வீட்டில்தான் இருந்தேன்" என்றேன், வைத்துவிட்டார்கள். 2016-ஐ 2019 என்று மாற்றிப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார் என் நாத்தனார். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த என் தம்பியும் நாலு வருடத்தில் நாலு இடம் மாறிவிட்டான், எல்லாம் கான்ட்ராக்ட் வேலை. அவனுக்கும் இந்த ஃபங்ஷனல் ஃபார்மட் சரிவருமா?

— வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றிப் பேசுவோம். அன்று நீங்கள் சொன்ன பதில் உண்மையல்ல. 2018-லிருந்து ஆறு வியாபாரங்களின் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. மாதாந்திர ரிட்டர்ன் போடும் கடை என்றால் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி என்று தேதி தவறாமல் ஓடியிருக்கிறீர்கள். அதைப் போய் "வீட்டில்தான் இருந்தேன்" என்று சொன்னீர்கள். ரெஸ்யூமே எழுதித் தந்தவரும் இதே தவறான கணக்கில்தான் தொடங்கியிருக்கிறார். உங்களுக்கு இருப்பது ஒன்பது வருட இடைவெளி அல்ல. 2016 ஆகஸ்ட் முதல் 2018 மார்ச் வரை, ஒன்றரை வருடத்துக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான். எந்த ஃபார்மட் என்பதை இந்தக் கணக்கைச் சரிசெய்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

தேதி இல்லாத ரெஸ்யூமே என்ன சொல்லிவிடுகிறது

பெயர்கள் புதிதாகத் தெரிந்தாலும் விஷயம் எளிது. க்ரோனலாஜிக்கல் என்பது பார்த்த வேலைகளைக் கடைசி வேலையில் தொடங்கிப் பின்னோக்கி, தேதியோடு எழுதுவது. ஃபங்ஷனல் என்பது வேலைகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, திறமைகளைத் தலைப்புவாரியாக எழுதுவது. காம்பினேஷன் என்பது மேலே சுருக்கமாகத் திறமைகள், அதன் கீழே தேதியோடு வேலைகள்.

ஃபங்ஷனல் ஃபார்மட் இடைவெளியை மறைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் அதைப் படிப்பவரின் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு ரெஸ்யூமேயைத் திறந்ததும் ஆள் எடுப்பவரின் கண் தேடுவது மூன்று விஷயங்களைத்தான்: கடைசியாக எங்கே வேலை, என்ன பதவி, எதிலிருந்து எதுவரை. அந்த இடம் காலியாக இருந்தால், "திறமைகளைப் படிப்போம்" என்று அவர் நினைப்பதில்லை. "எதையோ மறைக்கிறார்கள்" என்றுதான் நினைப்பார். இருபது மாத இடைவெளியை நீங்களே எழுதிக் காட்டினால் அது இருபது மாதம்தான். எழுதாமல் விட்டால் அவர் தன் இஷ்டத்துக்கு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார், அது பெரும்பாலும் உண்மையைவிடப் பெரியதாகவே இருக்கும்.

இரண்டாவது சிக்கல், திறமைகள் அந்தரத்தில் தொங்குவது. "ஜிஎஸ்டி தெரியும்" என்று ஒரு வரி இருக்கிறது, சரி. எங்கே செய்தீர்கள், எப்போது? ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது 2017 ஜூலை 1-ஆம் தேதி. நீங்கள் கம்பெனியை விட்டது 2016-இல். அந்த ரெஸ்யூமேயில் கண்ணுக்குத் தெரியும் ஒரே கம்பெனி அந்த ஏற்றுமதி நிறுவனம்தான் என்றால், நீங்கள் விட்ட வருடம் தெரிந்ததுமே அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஒருவர் அரை நிமிடத்தில் இதைக் கவனித்துவிடுவார். வாட் காலத்தோடு நின்றுபோனவர் ஜிஎஸ்டி தெரியும் என்று சும்மா போட்டிருக்கிறார் என்ற முடிவுக்கு வருவார். உங்களுடைய மிகப் புதிய, மிக உண்மையான அனுபவமே இப்படிப் பொய் போலத் தோன்றிவிட்டது. அழைப்பு வராததற்கு இடைவெளியைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, வேலைவாய்ப்பு இணையதளங்கள். ரெஸ்யூமேயைப் பதிவேற்றும்போது அந்த மென்பொருள் கம்பெனி, பதவி, தொடக்கம், முடிவு என்று பிரித்தெடுத்துத் தனித்தனிக் கட்டங்களில் போடப் பார்க்கும். ஃபங்ஷனல் ரெஸ்யூமேயில் அது எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது, கட்டங்கள் காலியாகும் அல்லது தப்பும் தவறுமாக நிரம்பும். "ஐந்து வருட அனுபவம், அக்கவுண்ட்ஸ்" என்று யாராவது வடிகட்டித் தேடும்போது உங்கள் பெயர் மேலே வருவதற்கே வழியில்லாமல் போகலாம்.

உங்களுக்கு ஏன் காம்பினேஷன்

நீங்கள் 2016-இல் விட்டுவிட்டு நேராக இன்றுவரை வேறொரு கம்பெனியில் இருந்திருந்தால், யோசிக்காமல் க்ரோனலாஜிக்கல் என்று சொல்லியிருப்பேன். ஒரே துறையில் படிப்படியாக ஏறி வந்தவருக்கு அதைவிட நல்ல ஃபார்மட் கிடையாது. பதவிப் பெயர்களும் தேதிகளுமே அவருக்காகப் பேசிவிடும்.

உங்கள் கதை வேறு. உங்கள் அனுபவம் இரண்டு துண்டுகளாக இருக்கிறது. முதல் துண்டில் ஏற்றுமதி இருக்கிறது: எக்ஸ்போர்ட் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், வங்கியில் டாக்குமெண்ட் கொடுத்துப் பணம் வந்ததைச் சரிபார்ப்பது, டிராபேக், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று ஒவ்வொரு ஜாப் ஒர்க் யூனிட்டின் பில்லையும் டெலிவரி சலானோடு ஒப்பிட்டுப் பணம் விடுவது, அதில் டிடிஎஸ் பிடிப்பது. ஆனால் வரி மட்டும் பழையது, வாட்டும் சி-ஃபார்மும் இருந்த காலம். இரண்டாவது துண்டில் ஜிஎஸ்டி இருக்கிறது, டேலியின் இன்றைய வடிவம் இருக்கிறது, ஆனால் ஏற்றுமதி இல்லை. இன்று திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனிக்கு வேண்டியது இரண்டும் சேர்ந்த ஆள். தேதிவாரியாக மட்டும் எழுதினால், முதலில் "ஆறு கடைகளின் கணக்கு" என்பது கண்ணில் படும். சில்லறைக் கணக்கு எழுதுபவர் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த ரெஸ்யூமேக்குப் போய்விடுவார்கள், ஏற்றுமதியில் இருந்த எட்டு வருடத்தை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மேலே ஒரு சிறு திறமைப் பகுதி இருந்தால்தான் இந்த இரண்டு துண்டும் ஒரே பார்வையில் சேரும். அதற்குக் கீழேயே தேதிகள் இருப்பதால், மேலே சொன்னதற்கு ஆதாரமும் கிடைத்துவிடும்.

ரெஸ்யூமேயை நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். உள்ளே என்ன வர வேண்டும் என்பதைத் தமிழில் போட்டுக் காட்டுகிறேன்.

*முதல் வரி:* ஏற்றுமதி நிறுவனக் கணக்கில் 8 ஆண்டுகள், ஜிஎஸ்டி கணக்கில் 2018 முதல் இன்று வரை. பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் முழுநேரக் கணக்குப் பணி தேடுகிறேன்.

*திறமைகள்:*
ஜிஎஸ்டி: ஆறு வியாபாரங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1, 3பி தயாரிப்பு; கொள்முதல் பில்களை முதலில் 2ஏ-யுடனும், பிறகு 2பி-யுடனும் ஒப்பிட்டு, இன்புட் வராத பில்களைக் கண்டுபிடித்தல் (2018 முதல்).
ஏற்றுமதிக் கணக்கு: இன்வாய்ஸ் முதல் வங்கியில் பணம் வரவு ஆகும் வரை பின்தொடர்தல், டிராபேக் கணக்கு (2008–2016).
ஜாப் ஒர்க்: நிட்டிங், டையிங் யூனிட் பில்களைச் சலானோடு சரிபார்த்தல், டிடிஎஸ் (2008–2016).
டேலி: இரண்டு காலகட்டத்திலும், இப்போது டேலி பிரைம்.

*பணி அனுபவம்:*
ஃப்ரீலான்ஸ் அக்கவுண்டன்ட், திருப்பூர், ஏப்ரல் 2018 – இன்று வரை.
குடும்பப் பொறுப்புக்காகப் பணி இடைவெளி, ஆகஸ்ட் 2016 – மார்ச் 2018.
அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் (அல்லது உங்கள் ரிலீவிங் லெட்டரில் உள்ள பதவி), கம்பெனி பெயர், 2008 – ஆகஸ்ட் 2016.

திறமை வரி ஒவ்வொன்றிலும் அடைப்புக்குள் வருடம் இருப்பதைக் கவனியுங்கள். ஃபங்ஷனல் ரெஸ்யூமேக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே அதில்தான் இருக்கிறது. எங்கே, எப்போது என்று சொல்ல முடியாத திறமையை இந்தப் பகுதியில் எழுதவே வேண்டாம். உங்கள் பழைய ரெஸ்யூமேயில் இருக்கும் "குழுவாகச் செயல்படுதல்", "கடின உழைப்பு" போன்ற வரிகள் போகட்டும். வாட், சி-ஃபார்ம் பற்றி நீளமாக எழுதவும் தேவையில்லை. அதற்குப் பதில் ஆடிட்டருக்கு என்னென்ன ஷெட்யூல் தயாரித்துக் கொடுத்தீர்கள் என்று பழைய வேலையின் கீழ் எழுதுங்கள், அது இன்றும் அப்படியே பயன்படும் வேலை.

காம்பினேஷனுக்கும் ஒரு குறை உண்டு. மேலே எழுதியதையே கீழேயும் எழுதி, மூன்று நான்கு பக்கம் போய்விடும். திறமைப் பகுதி முதல் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, மொத்தம் இரண்டு பக்கம் போதும். மேலே சொன்ன விஷயத்தைக் கீழே திரும்பச் சொல்லாமல், அங்கே அளவைச் சொல்லுங்கள்: மாதத்துக்குச் சுமார் எத்தனை பில், எத்தனை ஜாப் ஒர்க் பார்ட்டி, என்ன மாதிரிக் கடைகள். கடைகளின் பெயரையும் விற்றுமுதலையும் மட்டும் உரிமையாளரைக் கேட்காமல் போடாதீர்கள். "மொத்த மளிகை, மருந்துக் கடை, ஹார்டுவேர்" என்றாலே போதும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்

ஒன்று, "ஜிஎஸ்டி பிராக்டிஷனர்" என்று போட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்து ரிட்டர்ன் போடுபவர்கள் பலரும் பழக்கத்தில் அப்படி எழுதுகிறார்கள். அது அரசிடம் பதிவு செய்து, தேர்வும் எழுதிப் பெற வேண்டிய தகுதி. பி.காம். படித்த நீங்கள் விண்ணப்பிக்க முடியும், விருப்பம் இருந்தால் செய்யுங்கள். பதிவு இல்லாதவரை ஃப்ரீலான்ஸ் அக்கவுண்டன்ட்தான். அதேபோல, ஏற்றுமதிக்கான ஜிஎஸ்டி ரீஃபண்டை நீங்கள் இதுவரை கையால் செய்ததில்லை. நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள். எல்யூடி என்றால் என்ன, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்துவிட்டு தேங்கிய இன்புட்டைத் திரும்பப் பெறுவது எப்படி என்று இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள். "செய்ததில்லை, நடைமுறை தெரியும்" என்பது மரியாதையான பதில். ரெஸ்யூமேயில் திறமை என்று போட்டுவிட்டு ஆர்எஃப்டி-01 பற்றிக் கேட்டதும் விழிப்பதுதான் ஆபத்து.

இரண்டு, ஆதாரம். ஃப்ரீலான்ஸ் என்று எழுதினால் "யாராவது சொல்வார்களா?" என்ற கேள்வி வரும். ஆறு கடைகளில் இரண்டு மூன்று பேரிடம், லெட்டர்ஹெட்டில், எந்த மாதத்திலிருந்து என்ன வேலை செய்கிறீர்கள் என்று நான்கு வரி எழுதி வாங்குங்கள். பணம் வங்கிக் கணக்கிலோ யூபிஐயிலோ வந்திருந்தால் அந்தப் பதிவும், வருமான வரி ரிட்டர்ன் போட்டிருந்தால் அதுவும் துணை. ரொக்கமாகவே வாங்கியிருந்தால் கடிதத்துக்கு இன்னும் அவசியம் கூடுகிறது. முழுநேர வேலை கிடைத்தால் இந்த ஆறு கடைகளை என்ன செய்வீர்கள் என்றும் கேட்பார்கள். இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2016-ஐ 2019 ஆக்கினால்

நாத்தனார் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் இது தெரியாமல் போகும் விஷயம் இல்லை. உங்கள் பழைய கம்பெனி பிஎஃப் பிடித்திருந்தால், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் உங்கள் யூஏஎன் எண்ணின் கீழ் பதிவாகியிருக்கும். புதிய கம்பெனியில் சேரும் நாளில் நீங்கள் நிரப்பும் பிஎஃப் ஃபார்ம் 11-இல் பழைய வேலையின் விவரமும் விலகிய தேதியும் கேட்கப்படும். ரெஸ்யூமேயில் 2019, ஃபார்மில் 2016 என்றால் முதல் நாளே முரண்பாடு வெளியில் வரும். பெரிய நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பை வெளி நிறுவனத்திடம் கொடுத்து, ரிலீவிங் லெட்டர், பிஎஃப் பதிவு இரண்டையும் பார்ப்பார்கள். சின்ன கம்பெனிகள் அவ்வளவு தூரம் போகாமல் போகலாம், ஆனால் திருப்பூரில் ஓர் அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு இன்னொருவரைத் தெரியாமல் இருக்காது, ஒரு போன் போதும்.

சேர்ந்த பிறகு தெரிந்தாலும் அடி பலமாக விழும். தந்த தகவல் தவறு என்றால் வேலையிலிருந்து நீக்கலாம் என்ற நிபந்தனை பல ஆஃபர் லெட்டர்களில் இருக்கிறது. நீங்கள் கேட்பது பணத்தையும் கணக்கையும் நம்பி ஒப்படைக்கும் வேலை. அங்கே தேதியில் பொய் என்பது மற்ற வேலைகளைவிடப் பல மடங்கு கனமாகப் பார்க்கப்படும்.

உண்மைக்குள் நின்றே மென்மையாக்க ஒரு வழி உண்டு. மாதத்தை விட்டுவிட்டு வருடத்தை மட்டும் போடலாம்: 2008–2016, 2018 – இன்று வரை. இதில் தவறில்லை, பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் மாதம் கேட்டால் சரியான மாதத்தைத் தர வேண்டும். என்னைக் கேட்டால், உங்கள் விஷயத்தில் மாதத்தோடு போடுவதே நல்லது, உண்மையில் இடைவெளி எவ்வளவு சிறியது என்று அதில்தான் தெரிகிறது. எழுதும் முன் இபிஎஃப்ஓ உறுப்பினர் போர்ட்டலில் View பகுதியில் உள்ள Service History-ஐத் திறந்து தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நினைவில் இருக்கும் மாதமும் பதிவில் இருக்கும் மாதமும் வேறாக இருப்பது சகஜம்.

அடுத்த முறை "2016-க்கு அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், "குழந்தைக்காக ஒன்றரை வருடம் நின்றேன், 2018-லிருந்து ஆறு வியாபாரங்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி ஜிஎஸ்டியைப் பற்றித்தான் வரும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. ரெஸ்யூமேயின் பிடிஎஃப்பைத் திறந்து, மொத்தத்தையும் தேர்வு செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் முன்பின்னாகக் கலந்தாலோ, தேதி ஓர் இடத்திலும் கம்பெனி வேறோர் இடத்திலும் போனாலோ, இணையதளத்தின் மென்பொருளும் அப்படியே குழம்பக்கூடும். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் வடிவமைப்பு, டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ் ஆகியவைதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். போன் நம்பரை ஹெடருக்குள் வைக்காமல் சாதாரண வரியாகவே எழுதுங்கள்.

உங்கள் தம்பிக்கு

அவருக்கு ஃபங்ஷனல் வேண்டாம், காம்பினேஷனும் தேவைப்படாது. நாலு இடத்திலும் ஒரே மாதிரி வேலைதான் என்றால் க்ரோனலாஜிக்கலே போதும், அடுக்கும் விதத்தை மட்டும் மாற்ற வேண்டும். கான்ட்ராக்ட் பையன்கள் பெரும்பாலும் வேலை செய்த தொழிற்சாலையின் பெயரையே முதலாளி என்று எழுதிவிடுகிறார்கள். சம்பளம் போட்டதும் பிஎஃப் கட்டியதும் ஆள் அனுப்பும் ஏஜென்சியாக இருக்கும். சரிபார்க்க அழைக்கும்போது "இந்தப் பெயரில் எங்கள் ரோலில் யாரும் இல்லை" என்று தொழிற்சாலை சொல்லிவிடும், பையன் பொய் சொன்னதாக ஆகிவிடும். அதனால் தலைப்பில் ஏஜென்சியின் பெயரையும் மொத்தக் காலத்தையும் போட்டு, அதன் கீழே எந்தத் தொழிற்சாலை, எத்தனை மாதம், என்ன மெஷின், என்ன வேலை என்று எழுதட்டும். நாலு இடமும் ஒரே ஏஜென்சி மூலம் என்றால் நாலு தாவல் என்பது ஒரே வேலையாகத் தெரியும், உண்மையும் அதுதான். இரண்டு ஏஜென்சி என்றால் இரண்டு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "கான்ட்ராக்ட் முடிந்தது" என்று இரண்டு வார்த்தை போட்டால், அவராகவே விட்டுவிட்டு ஓடவில்லை என்பதும் புரியும்.

இடையில் எங்காவது அப்ரண்டிஸாக இருந்திருந்தால் அதைத் தனியாக, அப்ரண்டிஸ் என்றே எழுதச் சொல்லுங்கள். அப்ரண்டிஸ் சட்டத்தின்படி பயிற்சியில் இருப்பவர்களுக்கு பிஎஃப் கிடையாது, அந்தக் காலம் பிஎஃப் பதிவில் வராது. ரெஸ்யூமேயில் வேலை என்று போட்டு, பதிவில் காணவில்லை என்றால் வீண் சந்தேகம் வரும். பயிற்சிச் சான்றிதழை ஸ்கேன் செய்து கைவசம் வைத்திருக்கட்டும், இல்லையென்றால் இப்போதே போய்க் கேட்டு வாங்கிவிடட்டும்.